ஒரு ஃபோட்டான், இரண்டு பாதைகள்: வீச்சுக்குள் i எப்படி வந்தது?

குவாண்டம் இயற்பியலில் முதலில் சொல்லித்தரும் விதி இதுதான்: ஒவ்வொரு வழிக்கும் ஒரு வீச்சு உண்டு, வீச்சுகளைக் கூட்டு, விடையின் மட்டு மதிப்பை வர்க்கப்படுத்து, நிகழ்தகவு கிடைக்கும். அதோடு “வீச்சு ஒரு கலப்பெண்” என்றும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ஏன் கலப்பெண்? கூட்டல், கழித்தல் குறி மட்டும் இருந்தால் போதாதா? ஒரே ஒரு கருவியை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். பிளஸ் டூ கணக்கில் வரும் கலப்பெண்கள் நினைவில் இருந்தால் போதும்.

படி 1: கருவியை வரைந்துகொள்ளுங்கள்

நாம் எடுத்துக்கொள்ளும் கருவி மாக்–செண்டர் குறுக்கீட்டுமானி. ஒரு தாளில் செவ்வகம் ஒன்று வரையுங்கள். இடது கீழ் மூலையில் ஓர் ஒளிப்பிரிப்பான். தன்மேல் விழும் ஒளியில் பாதியை நேராக விட்டு, பாதியைத் திருப்பிவிடும் தகடு அது. அதற்கு எதிர்மூலையில், வலது மேலே, அதே மாதிரி இன்னொன்று. மீதி இரண்டு மூலைகளிலும் சாதாரண ஆடிகள். இடமிருந்து வரும் ஃபோட்டான் முதல் பிரிப்பானில் நேராகப் போனால் பாதை A, திரும்பினால் பாதை B. இரண்டு பாதைகளும் இரண்டாவது பிரிப்பானில் சந்திக்கின்றன. அதைத் தாண்டி D1, D2 என்று இரண்டு டிடெக்டர்கள்.

இதை வெறும் தாள் சோதனை என்று நினைக்க வேண்டாம். 1986-இல் பிரான்சின் ஓர்சே நகரில் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே மூவரும் கால்சியம் அணுக்களிலிருந்து வந்த தனித்தனி ஃபோட்டான்களை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். முதலில் ஒரே ஒரு பிரிப்பானை வைத்து, ஃபோட்டான் இரண்டாக உடைந்து இரண்டு டிடெக்டர்களையும் சேர்ந்து தட்டுவதில்லை என்பதை உறுதிசெய்துகொண்டார்கள். அப்புறம் இரண்டாவது பிரிப்பானையும் வைத்தார்கள். ஒவ்வொன்றாக வந்த அந்த ஃபோட்டான்களே குறுக்கீட்டு விளைவைத் தெளிவாகக் காட்டின.

படி 2: குறி மட்டும் போதுமா என்று பாருங்கள்

பிரிப்பானில் ஒவ்வொரு வழிக்கும் நிகழ்தகவு 1/2. அப்படியென்றால் வீச்சின் அளவு 1/√2. எல்லாவற்றுக்கும் கூட்டல் குறியே போட்டுப் பார்ப்போம். D1-ஐ அடைய இரண்டு வழிகள், ஒவ்வொன்றுக்கும் 1/√2 × 1/√2 = 1/2. கூட்டினால் 1. D2-க்கும் அதேபோல் 1. ஒரு ஃபோட்டான் இரண்டு டிடெக்டர்களிலும் நூறு சதவீதம் விழுகிறது என்று கணக்கு சொல்கிறது. மொத்த நிகழ்தகவு 2! எங்கோ உதைக்கிறது.

ஒரு வழிக்கு மட்டும் கழித்தல் குறி போட்டால் சரியாகிவிடும்: D1-இல் 1/2 + 1/2 = 1, D2-இல் 1/2 − 1/2 = 0. பிரிப்பானில் i வருவதைக் காட்டி “இதனால்தான் கலப்பெண் தேவை” என்று சொல்லும் விளக்கங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரிப்பானை மட்டும் கேட்டால் அது ஒரு கழித்தல் குறியோடு திருப்திப்பட்டுவிடும். i-ஐ வற்புறுத்துவது அடுத்த படியில் வரும் பொருள்.

படி 3: பாதை A-இல் ஒரு கண்ணாடித் தகடு வையுங்கள்

இதுதான் கட்டுரையின் இதயம், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஹீலியம்–நியான் லேசரின் சிவப்பு ஒளியை எடுத்துக்கொள்வோம், அலைநீளம் சுமார் 633 நானோமீட்டர். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 என்று வைப்போம். t தடிமன் உள்ள தகடு, அதே நீளக் காற்றோடு ஒப்பிடும்போது, ஒளியைப் பின்தங்க வைக்கும் அளவு (1.5 − 1) × t. தடிமன் 633 நானோமீட்டர் என்றால் பின்தங்கல் அதில் பாதி, அதாவது அரை அலைநீளம். இந்தத் தகட்டை பாதை A-இல் வைத்தால் D1-இல் விழுந்துகொண்டிருந்த ஃபோட்டான்கள் எல்லாம் D2-க்கு மாறிவிடுகின்றன. வீச்சின் மொழியில் சொன்னால், பாதை A-இன் வீச்சு −1 ஆல் பெருக்கப்பட்டுவிட்டது. இதுவரை மெய்யெண்ணே போதும்.

இப்போது அந்தத் தகட்டைத் தடிமனில் சரிபாதியாக்குங்கள், சுமார் 316 நானோமீட்டர். இந்த அரைத்தகடு வீச்சை எந்த எண்ணால் பெருக்கும்? அந்த எண்ணை a என்போம். இரண்டு அரைத்தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் முழுத்தகடு. எனவே

```
a × a = −1
```

எந்த மெய்யெண்ணுக்கும் இது பொருந்தாது. “வீச்சு +1-இலிருந்து −1-க்கு மெல்ல மெல்ல நகர்கிறது, பாதியில் 0 ஆகிறது” என்று சமாளிக்கவும் முடியாது. வீச்சு 0 என்றால் அந்தப் பாதையில் ஃபோட்டானே இல்லை என்று பொருள். கண்ணாடி ஒளியை விழுங்குவதில்லை. தகட்டுக்குப் பின்னால் டிடெக்டரை வைத்தால் ஃபோட்டான் முன்போலவே வந்துகொண்டிருக்கும். ஆக நமக்கு வேண்டியது, அளவு 1-ஆகவே இருந்துகொண்டு +1-இலிருந்து −1-க்குத் தொடர்ச்சியாகப் போகக்கூடிய ஓர் எண். மெய்யெண் கோட்டில் அதற்கு வழியில்லை. கோட்டை விட்டு வெளியே வந்து, கடிகார முள் மாதிரி சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தச் சுற்றலின் பாதியில் நிற்பதுதான் i. இன்னும் மெல்லிய தகடு என்றால் இன்னும் சிறிய கோணம்:

```
e^(iφ) = cos φ + i sin φ
```

φ என்பதே கட்டம். தகட்டின் தடிமன் மாறும்போது மாறுவது இந்தக் கோணம் மட்டும்தான், முள்ளின் நீளம் அல்ல.

“கலப்பெண் எதற்கு, இரண்டு மெய்யெண்களை வைத்துக்கொண்டு சுற்றினால் ஆகாதா?” என்று கேட்கலாம். இந்தக் கருவிக்குத் தாராளமாக ஆகும். அது i-ஐ வேறு எழுத்தில் எழுதுவதுதான். ஆனால் பல துகள்களும் தொடர்பில்லாத பல மூலங்களும் சேரும் வலையமைப்புகளில், வழக்கமான சேர்க்கை விதிகளை வைத்துக்கொண்டு மெய்யெண்களோடு மட்டும் நின்றால், குவாண்டம் கோட்பாட்டின் சில கணிப்புகளைத் தரவே முடியாது என்று 2021-இல் நிறுவியிருக்கிறார்கள்.

படி 4: கணக்கைப் போடுங்கள்

பிரிப்பானுக்கு இந்த மரபைக் கொள்வோம்: நேராகப் போனால் 1/√2, திரும்பினால் i/√2. (கழித்தல் குறி மரபைப் பிடித்தாலும் இறுதி விடை இதே மாதிரிதான் வரும்.) ஆடிகள் இரண்டு பாதைகளுக்கும் ஒரே காரணியைத் தருவதால் அவற்றை விட்டுவிடலாம். பாதை A-இல் மட்டும் φ கட்டம் தரும் தகடு இருக்கிறது.

D1-ஐ அடைய, A வழியாக வந்தால் முதலில் நேராகப் போய்ப் பின்பு திரும்ப வேண்டும். B வழியாக வந்தால் முதலில் திரும்பிப் பின்பு நேராக. D2-க்கு A-இல் இரண்டு முறையும் நேராக, B-இல் இரண்டு முறையும் திரும்ப வேண்டும். எனவே

```
D1 = (i/2)(e^(iφ) + 1)
D2 = (1/2)(e^(iφ) − 1)
```

φ = 60° என்று வைத்துக் கையாலேயே போட்டுப் பாருங்கள். e^(iφ) = 0.5 + 0.866i. D1-இன் அடைப்புக்குள் 1.5 + 0.866i. மட்டின் வர்க்கம் 2.25 + 0.75 = 3; வெளியே உள்ள பாதியின் வர்க்கம் 1/4; நிகழ்தகவு 0.75. D2-இன் அடைப்புக்குள் −0.5 + 0.866i, மட்டின் வர்க்கம் 1, நிகழ்தகவு 0.25. இரண்டும் சேர்ந்து 1. பொதுவாக எழுதினால் D1-க்கு cos²(φ/2), D2-க்கு sin²(φ/2).

மற்ற கோணங்களுக்கு பைத்தானிடம் விட்டுவிடலாம்:

```python
import cmath, math
t = 1/math.sqrt(2)
r = 1j/math.sqrt(2)
for deg in [0, 60, 90, 120, 180]:
    p = cmath.exp(1j*math.radians(deg))
    d1 = t*p*r + r*t
    d2 = t*p*t + r*r
    print(deg, round(abs(d1)**2, 2), round(abs(d2)**2, 2))
```

D1-இன் நிகழ்தகவு 1, 0.75, 0.5, 0.25, 0 என்று இறங்கும். D2 அதற்கு எதிராக ஏறும்.

இனி, பாதை B-யிலும் அதே தகட்டை வைத்துப் பாருங்கள். `r*t`, `r*r` இரண்டையும் `p` ஆல் பெருக்கினால் போதும். எந்தக் கோணம் கொடுத்தாலும் ஃபோட்டான் D1-இலேயே விழும். e^(iφ) பொதுக் காரணியாக வெளியே வந்து, மட்டு எடுக்கும்போது 1 ஆகிவிடுகிறது. இரண்டு முட்களும் சேர்ந்து சுற்றினால் கருவிக்குத் தெரியாது, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதுதான் தெரியும். சார்புக் கட்டம் என்பது இந்த விலகலைத்தான்.

படி 5: 50–50 வந்தால் உடனே நம்பாதீர்கள்

ஆய்வகத்தில் இத்தனை மெல்லிய தகட்டை யாரும் கையில் பிடித்து நுழைப்பதில்லை. தடித்த தகட்டை வைத்துச் சற்றே சாய்ப்பார்கள், அல்லது ஓர் ஆடியை, மின்னழுத்தம் கொடுத்தால் துளி நீளும் பீசோ படிகத்தின் மேல் ஏற்றி நானோமீட்டர் கணக்கில் நகர்த்துவார்கள். பாதை நீளத்தில் 316 நானோமீட்டர் வித்தியாசமே முடிவைத் தலைகீழாக்கும் என்பதால், மேசையின் அதிர்வு, காற்றோட்டம், வெப்பநிலை எல்லாமே φ-ஐ ஆட்டும்.

டிடெக்டர்கள் இரண்டும் பாதிப்பாதி எண்ணுகின்றன என்று வையுங்கள். அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். φ சரியாக 90°-இல் நிற்கலாம். φ நிலையில்லாமல் எல்லாக் கோணங்களிலும் அலைந்து, சராசரியில் குறுக்கீடு அழிந்திருக்கலாம். அல்லது ஃபோட்டான் எந்தப் பாதையில் வந்தது என்ற தடயம் எங்காவது பதிந்திருக்கலாம். பாதை A-இல் மட்டும் ஒளியின் முனைவாக்கத்தை 90° திருப்பிவிட்டால் அதுவே தடயம். தடயம் இருந்தால் வீச்சுகளைக் கூட்டக்கூடாது, நிகழ்தகவுகளைத்தான் கூட்ட வேண்டும்: 1/4 + 1/4 = 1/2.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. தகட்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். எண்ணிக்கை ஏறி இறங்கினால் முதல் காரணம், கருவி நலமாக இருக்கிறது. அசையவே இல்லையென்றால் மற்ற இரண்டில் ஒன்று. அப்போது டிடெக்டர்களுக்கு முன்னால் 45° கோணத்தில் ஒரு முனைவாக்கியை வையுங்கள். அது முனைவாக்கத் தடயத்தை அழித்துவிடும். கடந்து வரும் பாதி ஃபோட்டான்களில் குறுக்கீடு மீண்டும் தென்பட்டால் குற்றவாளி முனைவாக்கம்தான். தென்படாவிட்டால் அதிர்வைச் சந்தேகிக்கலாம், இரண்டு பாதைகளின் நீளங்களும் ஒளியின் ஒத்திசைவு நீளத்தை, அதாவது குறுக்கீடு தென்படுவதற்கான பாதை வித்தியாசத்தின் எல்லையை, தாண்டி விலகியிருக்கின்றனவா என்றும் அளந்து பார்க்க வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை. தகட்டைச் சாய்க்கும்போது D1-இன் உச்ச எண்ணிக்கை 970, குறைந்தது 30 என்றால், வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுங்கள்: 940/1000 = 0.94. குறுக்கீட்டின் தெளிவை இந்த எண்ணால்தான் சொல்வார்கள். ஓர்சே சோதனையில் அது 0.98-ஐத் தாண்டியது. φ தன் சரியான இடத்திலிருந்து இருபுறமும் 90° வரை சமவாய்ப்போடு ஆடுகிறது என்று வைத்தால், ஆடும் முட்களின் சராசரி நீளம் 2/π, தெளிவு சுமார் 0.64-க்கு இறங்கும். மேலே உள்ள நிரலில் `import random` என்று ஒரு வரி சேர்த்து, `deg`-உடன் `random.uniform(-90, 90)` சேர்த்து, ஒவ்வொரு கோணத்துக்கும் சில ஆயிரம் முறை ஓட்டி நிகழ்தகவுகளைச் சராசரி எடுத்து, 0°, 180° இரண்டிலும் D1-க்கு வரும் சராசரிகளின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த 0.64-ஐ நீங்களே பார்க்கலாம்.