கஜுராஹோவைப் பார்த்துவிட்டு நாம் போடும் தப்புக் கணக்கு

டெல்லியில் குடியிருந்தால் ஊரிலிருந்து வருகிறவர்களை ஆக்ரா, ஹரித்வார் காட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கி, கலவிச் சிற்பங்களுக்குப் பேர்போன கஜுராஹோ கோயில்களுக்கும் அழைத்துப்போக வேண்டியிருக்கும். நிஜாமுதீனில் ரயில் ஏறினால் போதும். மயூர் விஹாருக்குத் திரும்பிக் காபி டம்ளரைக் கையில் எடுத்ததும் தீர்ப்பு வந்துவிடும். இந்த முறை சொன்னவர் மாமா: "அந்தக் காலத்துல எல்லாத்தையும் வெளிப்படையாப் பேசியிருக்காங்க. வெள்ளைக்காரன் வந்துதான் கூச்சத்தைக் கத்துக்கொடுத்தான்."

பாதி சரி. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

முதல் தவறு, காமசூத்திரத்தைத்தான் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள் என்று நம்புவது. சில கைடுகளே அப்படிச் சொல்வார்கள். வாத்ஸ்யாயனர் எழுதிய அந்த நூல் ஏறக்குறைய 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கஜுராஹோவின் லட்சுமணர் கோயில் கல்வெட்டு 954ஆம் ஆண்டுடையது. கந்தாரிய மகாதேவர் கோயில் 1030 வாக்கில் எழுந்தது. நடுவில் ஏழு நூற்றாண்டு இடைவெளி. தவிர, காமசூத்திரத்தின் ஏழு பகுதிகளில் கலவியைப் பற்றியது இரண்டாவது மட்டும்தான். மற்றவை நகரத்துச் செல்வனின் அன்றாடம், பெண் பார்ப்பது, மனைவியின் பொறுப்பு, கணிகையின் வரும்படி என்று போகும்.

கந்தாரியச் சுவரில் தலைகீழாக நிற்கும் ஆணையும் அவனைத் தாங்கும் பெண்களையும் பார்த்தால், இது செய்முறை விளக்கமாக இருக்க முடியாது என்று யாருக்கும் தோன்றும். அது இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். மண்டபமும் கருவறையும் சேருகிற இணைப்புச் சுவர் அது. இரண்டு கட்டடப் பகுதிகளின் சந்தியில் இரண்டு உடல்களின் சந்தியை வைத்துச் சிற்பிகள் சிலேடை செய்திருக்கிறார்கள் என்பது கலை வரலாற்றாளர் தேவாங்கனா தேசாயின் விளக்கம். எல்லோரும் இதை ஏற்பதில்லை. ஆனால் சிற்பம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று கேட்காமல் அதைப் படிக்க முடியாது என்பதை நான் ஏற்கிறேன்.

பெரிய தவறு அடுத்தது. செதுக்கியிருக்கிறார்கள், ஆகவே கூச்சமே இல்லை என்பது. லட்சுமணர் கோயில் மேடையைச் சுற்றி ஒரு நீளப் பட்டை ஓடுகிறது. யானை, குதிரை, போருக்குப் போகும் படை, நடுநடுவே கலவிக் காட்சிகள். அதில் ஒருவன் குதிரையோடு சேர்ந்திருக்கிறான். பக்கத்தில் ஓர் உருவம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறது. மாமி அங்கே நின்று, "இவளும் என்னை மாதிரிதான்" என்று சிரித்தார். கூச்சப்படுகிறவரையும் சேர்த்தே செதுக்கிய சிற்பிக்குக் கூச்சம் தெரியாமல் இருந்திருக்காது.

காமசூத்திரத்துக்குள்ளும் இதே இழுபறிதான். பெண்களுக்குச் சாத்திரம் சொல்லிக்கொடுப்பது வீண் என்று ஆசிரியர்கள் சிலர் சொன்னதாக வாத்ஸ்யாயனர் எழுதி, அதை மறுக்கிறார். மறுத்த கையோடு, நம்பிக்கையான ஒருத்தியிடம் தனிமையில் கற்க வேண்டும் என்கிறார்: கூடவே வளர்ந்த செவிலியின் மகள், தோழி, சம வயதுச் சித்தி, அக்காள். திண்ணையில் பேசிய பேச்சு இல்லை அது. இன்னோர் இடத்தில், ஒன்று சாத்திரத்தில் இருப்பதாலேயே அதைச் செய்ய வேண்டியதில்லை என்று எச்சரிக்கிறார். நாய்க்கறியின் சுவையையும் குணத்தையும் வைத்திய நூல் சொல்கிறது, அதற்காக அறிவுள்ளவர்கள் சாப்பிடுவார்களா என்று கேட்கிறார். நூலில் இருப்பதையெல்லாம் ஊர் வழக்கமாக எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்கலாம்.

நம் பக்கமும் அப்படித்தான். அகப்பாட்டில் தலைவி தன் ஏக்கத்தைத் தயங்காமல் சொல்வாள். ஆனால் அவள் யார் என்று கேட்கக் கூடாது. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பிய விதி. உணர்வைத் திறந்து வைத்துப் பேரை மூடி வைத்தார்கள்.

சரி, வெள்ளைக்காரன் பங்கு? 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் (அவர் இத்தாலிக்காரர்) குறளை லத்தீனில் பெயர்த்தபோது காமத்துப்பாலை விட்டுவிட்டார். 1886இல் ஜி. யு. போப், அவரும் பாதிரியார்தான், 1330 குறளையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஒரே பழியாக எல்லோர் தலையிலும் போட இது இடம் கொடுக்கவில்லை. மாமாவிடம் சொன்னேன், அவர் காபியை ஆற்றிக்கொண்டே போப்பின் பெயரை மட்டும் திரும்பக் கேட்டார்.

நீங்கள் போனால், படியேறி நேராகக் கருவறைக்குப் போய்விடாதீர்கள். முதலில் மேடையைக் கீழேயே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முகம் மூடிய உருவம் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது, பலரும் தவறவிடுவது அதைத்தான்.