படுக்கையருகே மெல்லப் பாட ஒரு கீர்த்தனை எழுதுவது எப்படி?

எங்கள் ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். கடைசி இரண்டு வாரம் வீட்டிலேயே படுத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் பாமாலையும் கீர்த்தனையும் எடுத்துப் பாடினோம். எல்லாம் அவர்களுக்குப் பிடித்த பாட்டுகள்தான், ஆனாலும் பாதியிலேயே நின்றுபோகும். மேல் சுரம் வரும் இடத்தில் அத்தைக்குத் தொண்டை அடைக்கும், உடனே எல்லோரும் அழுதுவிடுவோம். அப்போதுதான் புரிந்தது: சபையில் எழுந்து நின்று பாடும் பாட்டு வேறு, அழுதுகொண்டே பாட வேண்டிய பாட்டு வேறு. இந்த இரண்டாவது வகையை எழுதும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. ஒரே ஒரு வசனம், ஒரே ஒரு படம்

நான் எடுத்துக்கொண்டது ஏசாயா 46:4. “நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்” என்று வரும் வசனம். அப்புறம் அவர்கள் வாழ்க்கையில் அந்த வசனம் எங்கே ஒட்டுகிறது என்று யோசித்தேன். ஆச்சி எங்களை ஒவ்வொருவராக இடுப்பில் வைத்துத் தேரி மணலில் கோயிலுக்குத் தூக்கிப் போனவர்கள். சுமந்தவர்களை இப்போது ஆண்டவர் சுமக்கிறார். பாட்டுக்கு இது போதும். “எழுப்பிவிடும், சுகம் தாரும்” என்று எழுத வேண்டாம். தனக்கு நேரம் நெருங்கிவிட்டது என்று தெரிந்தவரிடம் அப்படிப் பாடினால், பிள்ளைகளுக்காகவாவது எழுந்து உட்கார வேண்டும் என்ற பாரம் அவர் மேல் ஏறும். நியாயத்தீர்ப்பும் வேண்டாம்.

2. யார் குரலில்?

படுத்திருப்பவரின் குரலில் எழுதுங்கள். “ஆச்சியைத் தாங்கும்” என்று பாடினால் அவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவதுபோல் இருக்கும். “என்னைத் தாங்குவீரே” என்றால் அவர்களால் சொல்ல முடியாததை நாம் சொல்லிக்கொடுப்பதாக ஆகிறது. ஆச்சிக்குப் பேச்சு நின்ற பிறகும் அந்த “என்னை” வரும் இடத்தில் உதடு அசைந்தது.

3. மெட்டு

புது மெட்டு தேட வேண்டாம். அவர்களே உங்களுக்குப் பாடிய தாலாட்டின் நடையை எடுங்கள். தகிட தகிட என்று ஆறு எண்ணிக்கையில் ஆடும் நடை. ச முதல் ப வரை ஐந்து சுரத்துக்குள் நிற்கட்டும். அழுகிற தொண்டை முதலில் மேல் சுரத்தில்தான் உடையும். வழக்கமாக 5 கட்டையில் பாடுகிற பெண்கள் 3 கட்டைக்கு இறக்கிப் பாடலாம்.

4. வரிகள்

பல்லவியும் இரண்டு சரணமும் போதும், அனுபல்லவி வேண்டாம். புத்தகத்தைப் பார்க்காமல் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பாட வேண்டும்.

நான் முதலில் எழுதிய வரி: “துக்கம் அகற்றிக் கஷ்டம் நீக்கி மோட்சம் சேர்த்திடும்.” பொருளில் குறை இல்லை. ஆனால் மெல்லப் பாடிப் பார்த்தால் க்க, ற்றி, ஷ்ட, ட்ச என்று கல் உருளும். சத்தமாகப் பாடும்போது இது தெரியாது, கிசுகிசுப்பாகப் பாடினால் இந்த வல்லோசை மட்டும்தான் காதில் விழும். அதனால் மெல்லினமும் இடையினமும் மிகுந்த சொற்களாக மாற்றினேன். வரியை நெடிலில் முடித்தேன், அங்கேதான் குரல் இளைப்பாறும்.

பல்லவி
ஏந்தும் கரமே, என்னை ஏந்தும் கரமே,
நரைத்த நாளிலும் நழுவ விடாத கரமே

சரணம் 1
மணலில் நடந்தேன், மழலையைச் சுமந்தேன்,
மனம் சோர்ந்த நாளில் நீர் என்னைச் சுமந்தீரே

சரணம் 2
ஓலை முடைந்த விரல்கள் ஓய்ந்தனவே,
மாலை மயங்கும்வரை அருகில் இருப்பீரே

மணல்–மனம் என்று மோனையும் ஓலை–மாலை என்று எதுகையும் விழுந்தால் அடுத்த வரி தானாக நினைவுக்கு வரும். ஓலைப்பெட்டி முடைந்த விரல் ஆச்சிக்கே உரியது. உங்கள் வீட்டில் அது தறியாக இருக்கலாம், கரும்பலகையாக இருக்கலாம். அந்த ஒரு வரி மட்டும் பொதுவாக இருக்கக் கூடாது.

5. படுத்துக்கொண்டு பாடிப் பாருங்கள்

பாயில் மல்லாந்து படுத்து, சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்கிற அளவுக்கு மெல்லப் பாடுங்கள். மூச்சு வரி முடியும்வரை வராவிட்டால் ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள். “அருகில் நீர் இருப்பீரே” என்று இருந்ததில் “நீர்” இப்படித்தான் போனது.

6. பாடும்போது

இருவர் தொடங்கட்டும், மற்றவர்கள் பல்லவியில் சேரட்டும். ஒருவர் உடைந்தால் இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். கண்ணைப் புத்தகத்தில் வைக்காமல் அவர்கள் முகத்தில் வையுங்கள். புருவம் சுருங்கினாலோ, கை போர்வையைப் பிடித்து இழுத்தாலோ வார்த்தையை விட்டுவிட்டு வெறும் முனகலாகத் தொடருங்கள். அதுவும் தொந்தரவாக இருந்தால் நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையே என்று நிறுத்த வேண்டாம். நினைவு தப்பியவர்களிலும் சிலருக்கு மூளை ஒலியை உணர்கிறது என்று கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2020இல் காட்டியது.

கடைசி நாட்களில் மூச்சு இடையிடையே நின்று நின்று வரும். அப்போது தாளத்தை விட்டுவிடுங்கள். ஆச்சி ஒரு மூச்சு விட்டதும் ஒரு வரி பாடினோம், அடுத்த மூச்சு வரும்வரை காத்திருந்தோம்.