ஆர்.ஓ. தண்ணீரில் சத்து போய்விடுமா? கணக்குப் போடாமல் செய்யும் தவறுகள்

ஆர்.ஓ. தண்ணீர் "செத்த தண்ணீர்" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிப் பயந்து மெஷினைக் கழற்றிப் போடுவதற்கு முன், போவது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டு போர் தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாத்திரத்தில் வெள்ளை படியும் ரகம். நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் 200 மி.கி. கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி. வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். ஆர்.ஓ. சவ்வு உப்புகளில் நூற்றுக்கு தொண்ணூறுக்கு மேல் வெளியே தள்ளிவிடுவதால், 180 மி.கி.க்கு மேல் போய்விடும். அதை ஈடுகட்ட ஒன்றரை டம்ளர் பாலோ, 50 கிராம் கேழ்வரகு மாவில் செய்த களியோ போதும். போர் தண்ணீரைவிட உப்பு குறைந்த ஏரித் தண்ணீர் என்றால் இழப்பு இன்னும் சின்னது. ஆனால் பால், கேழ்வரகு, கீரை எதுவும் அதிகம் சேராத வீட்டில் அந்த ஐந்தில் ஒரு பங்கு அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. ஆக, தண்ணீரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, தட்டையும் பார்க்க வேண்டும். (உப்புத் தண்ணீரில் வேகாத துவரம்பருப்பு ஆர்.ஓ. தண்ணீரில் குழைவது தனி லாபம்.)

காய்ச்சுவதை இதோடு குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகள் சாகும், அவ்வளவுதான். உப்பு போகாது. கடின நீரில் கால்சியம் கொஞ்சம் வெள்ளைத் தூளாக அடியில் படியும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும். நீர் ஆவியாக ஆவியாக அவற்றின் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். கேண்டில் ஃபில்டரும் யு.வி. விளக்கும் கரைந்த உப்பைத் தொடுவதில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது டி.டி.எஸ். மீட்டர்தான். அது காட்டுவது கரைந்த உப்பின் மொத்த அளவு. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது, கிருமியும் தெரியாது. "50 காட்டுகிறது, சத்தில்லை" என்று மெக்கானிக்கிடம் சொன்னால், அவர் மெஷினில் உள்ள திருகைத் திருப்பி 150 ஆக்கிக் கொடுப்பார். பல மெஷின்களில் அந்தத் திருகு செய்வது, சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவதுதான். சாதாரண ஊரில் பாதகமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீர் என்றால், எதை நீக்குவதற்காக மெஷின் வாங்கினோமோ அதுவே திரும்ப வந்துவிடும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அப்படிப்பட்ட ஊரில் திருகைத் தொடுவதற்கு முன், குழாய்த் தண்ணீரையும் மெஷின் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஃபுளோரைடு சோதனைக்குக் கொடுங்கள்.