ஆறு உருவங்களை இரண்டு குழுவாகப் பிரிப்பது எப்படி? மூடிய பகுதிகளை எண்ணும் முறை

ஆறு படங்களைக் கொடுத்து, ஒரு பொதுப் பண்பை வைத்து மூன்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லும் கணக்குகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பண்பு என்ன என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். கோடுகளின் வகை, மூடிய பகுதிகளின் எண்ணிக்கை என்ற இரண்டைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தாலே இவற்றில் நிறைய விழுந்துவிடும். ஒரே கணக்கை எடுத்துக்கொண்டு முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தாளில் இந்த ஆறையும் வரைந்துகொள்ளுங்கள். படிப்பதோடு நிறுத்தினால் பாதிதான் புரியும்.

1. ஒரு வட்டம், அதன் நடுவே விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரு விட்டம்.
2. ஒரு முக்கோணம். உச்சியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கோடு, பாதியிலேயே நின்றுவிடுகிறது.
3. ஓர் அரைவட்டம், அடியில் நேர்கோட்டால் மூடியது.
4. ஒரு சதுரம், அதில் ஒரே ஒரு மூலைவிட்டம்.
5. ஒன்றையொன்று தொடாத இரண்டு வட்டங்கள்.
6. ஒரு வட்டம். வெளியிலிருந்து வரும் ஒரு கோடு விளிம்பைத் தாண்டி மையத்தில் நிற்கிறது.

படி 1: வளைகோடு இருக்கிறதா?

முதலில் இதைப் பார்ப்பதற்குக் காரணம், கண்ணில் உடனே படுவது இதுதான். ஆனால் "வளைகோடு" என்பது ஒரே கேள்வி இல்லை. வளைகோடு ஒன்றாவது இருக்கிறதா என்றும் கேட்கலாம், முழுக்க முழுக்க வளைகோட்டால் ஆனதா என்றும் கேட்கலாம். நேரும் வளைவும் கலந்த உருவம் முதல் கேள்வியில் ஒரு பக்கம் போகும், இரண்டாவதில் மறுபக்கம் போகும்.

நம் கணக்கில் 1, 3, 5, 6 ஆகிய நான்கிலும் வளைகோடு உண்டு. 2, 4 இரண்டிலும் இல்லை. நாலுக்கு இரண்டு, ஒத்துவரவில்லை. முழுக்க வளைகோட்டால் ஆனது 5 மட்டும்தான், ஆக அதுவும் இல்லை. சரி, இதை விட்டுவிடலாம்.

போகிற போக்கில் இன்னொன்றையும் தள்ளிவிடுவோம். 2, 6 இரண்டிலும் முனை எதையும் தொடாமல் தொங்கும் கோடு இருக்கிறது. கண் அங்கேதான் போய் ஒட்டிக்கொள்ளும். அதுவும் இரண்டுக்கு நாலுதான்.

படி 2: மூடிய பகுதிகளை எண்ணுங்கள்

நிதானம் வேண்டிய இடம் இதுதான். மூடிய பகுதி என்றால் நான்கு புறமும் கோடுகளால் அடைபட்ட வெள்ளை இடம். உருவத்துக்கு வெளியே இருக்கும் தாள் கணக்கில் சேராது.

உருவம் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு கோடு இருப்பதால் முக்கோணம் இரண்டாகப் பிரிந்துவிட்டது போலத் தோன்றும். பென்சிலை எடுத்து இடது பக்கத்திலிருந்து நிழலிடத் தொடங்குங்கள். கோடு நிற்கும் இடத்துக்குக் கீழே பென்சில் தடையில்லாமல் வலது பக்கம் போய்விடும். அதனால் பகுதி ஒன்றுதான். உருவத்துக்குள் இருக்கும் கோட்டின் இரண்டு பக்கமும் விளிம்பையோ வேறு கோட்டையோ எட்டினால்தான் அது இடத்தைப் பிரிக்கும். உருவம் 6-இல் கோடு விளிம்பைக் கடந்து உள்ளே வந்தாலும் மையத்தில் நின்றுவிடுவதால் அங்கும் ஒன்றுதான்.

இதே முறையில் மற்றவற்றையும் எண்ணினால், 1-இல் இரண்டு, 3-இல் ஒன்று, 4-இல் இரண்டு. 5-இல் வட்டங்கள் தனித்தனியே இருந்தாலும் மொத்தம் இரண்டு. பகுதிகள் ஒட்டியிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆக இரண்டு பகுதி உள்ளவை 1, 4, 5. ஒரு பகுதி உள்ளவை 2, 3, 6. விடை அதுதான்.

எண்ணும்போது பிசகும் இடங்கள்

சதுரத்துக்குள் இரண்டு மூலைவிட்டங்களும் இருந்தால் பகுதிகள் நான்கு. "எத்தனை முக்கோணங்கள்?" என்ற கணக்குக்குப் பழகியவர்கள், சிறியவற்றைச் சேர்த்து வரும் பெரிய முக்கோணங்களையும் கூட்டி எட்டு என்பார்கள். இங்கே அப்படிக் கூட்டக்கூடாது. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்களில் நடுவில் வரும் ஒடுங்கிய பகுதியையும் சேர்த்து மூன்று. ஒரு வட்டத்துக்குள் தொடாமல் இன்னொரு வட்டம் இருந்தால் இரண்டு: உள்வட்டம் ஒன்று, அதைச் சுற்றிய வளையம் இன்னொன்று.

சிக்கலான உருவம் வந்தால் நான் இந்தச் சூத்திரத்தால் சரிபார்ப்பேன்:

```
மூடிய பகுதிகள் = கோட்டுத் துண்டுகள் − புள்ளிகள் + தனி உருவங்கள்
```

கோடுகள் சந்திக்கும் இடம், முனை, மூலை எல்லாம் புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்டது ஒரு துண்டு. மற்றதைத் தொடாமல் தனித்து நிற்கும் ஒவ்வொன்றும் ஒரு தனி உருவம், ஆகவே நம் கணக்கின் 5-இல் தனி உருவங்கள் இரண்டு. ஒரே மூச்சில் வரையும் ஐந்து முனை நட்சத்திரத்தில் வெளியே ஐந்து, உள்ளே ஐந்து என்று 10 புள்ளிகள். ஐந்து கோடுகளும் மூன்று மூன்று துண்டுகளாக வெட்டுப்படுவதால் 15 துண்டுகள். உருவம் ஒன்று. 15 − 10 + 1 = 6. எண்ணிப் பாருங்கள், ஐந்து முனைகளும் நடு ஐங்கோணமும் சேர்ந்து ஆறுதான். தனி வட்டத்தில் புள்ளியே இல்லையே என்றால், அதன்மேல் நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி என்று பார்த்தால் எனக்குப் பென்சிலும் தாளும்தான். பெயிண்ட் மாதிரியான செயலியில் வாளியால் நிறம் ஊற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. மூடாத இடத்தை அது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ஆனால் வரைந்தவர் மூடியதாக நினைத்த மூலையில் ஒரு புள்ளியளவு இடைவெளி இருந்தாலும் நிறம் வெளியே கசிந்து திரையே நிறைந்துவிடும். வேண்டுமென்றே விட்ட திறப்பு பொதுவாகக் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும் இடைவெளியை மூடியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பண்புகள் ஒத்துவந்தால்?

இது அடிக்கடி நடக்கும். ஆறு உருவங்களை மூன்று மூன்றாகப் பிரிக்க மொத்தமே 10 வழிதான் இருக்கிறது. அதனால் சம்பந்தமில்லாத ஒரு பண்புகூடத் தற்செயலாக ஒரு பிரிவைக் கொடுத்துவிடும். ரஷ்ய அறிவியலாளர் மிகயீல் பொங்கார்ட் 1967-இல் வெளியிட்ட புதிர்களில் இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு என்று 12 உருவங்கள் வரும். பன்னிரண்டை ஆறு ஆறாகப் பிரிக்க 462 வழிகள் உண்டு, அங்கே தற்செயலுக்கு இடம் மிகக் குறைவு.

ஆறு உருவக் கணக்கில் நான் பார்ப்பது இதுதான்: இரண்டு குழுவையும் ஒரே அளவுகோலால் சொல்ல முடிகிறதா? "ஒரு பகுதி, இரண்டு பகுதி" என்பது அப்படிப்பட்டது. "இவற்றில் இரண்டு பகுதி, மற்றவற்றில் எப்படி எப்படியோ" என்று வந்தால் அந்தப் பண்பை நம்பாதீர்கள். விடைத்தேர்வுகள் கொடுத்திருந்தால் வேலை இன்னும் எளிது, அங்கே இல்லாத பிரிவைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பிற்சேர்க்கை: மூலை மழுங்கிய சதுரம் வளைகோடு உள்ளதா இல்லையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மற்ற ஐந்தில் மூலைகள் கூராக இருந்தால் அந்த மழுங்கல் வேண்டுமென்றே வைத்தது, வளைகோடு என்றே கொள்ளுங்கள். எல்லா உருவங்களின் மூலையும் லேசாக மழுங்கியிருந்தால் அது தடித்த பேனாவின் வேலை. எண்களை உருவமாகக் கொடுக்கும்போது 4-லும் இதே தொல்லை உண்டு. அச்செழுத்தில் பெரும்பாலும் அதன் தலை மூடியிருக்கும், கையெழுத்தில் திறந்திருக்கும். கொடுத்த படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எண்ணுங்கள்.