லாபத்தைப் பகுதி பகுதியாக எடுக்கும்போது செய்யும் தவறுகள்

லாபத்தில் இருக்கும் பங்கை மூன்றாகப் பிரித்து, முதல் டார்கெட்டில் ஒரு பகுதி, இரண்டாவதில் ஒரு பகுதி விற்று, மிச்சத்தை விலை ஏற ஏறத் தானும் ஏறிவரும் டிரெயிலிங் ஸ்டாப்போடு ஓட விடுவது பலருக்கும் பழக்கம். பெரிய தொகைக்கு இது சரி. சிறிய தொகையில் கணக்கு உதைக்கும்.

2.00 வெள்ளிக்கு 900 பங்கு வாங்கி, 1.90க்கு இறங்கினால் விற்றுவிடும்படி ஸ்டாப் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2.10இல் 300 விற்றால் 30 வெள்ளி லாபம். கையோடு ஸ்டாப்பை வாங்கிய விலைக்கு ஏற்றுகிறீர்கள். விலை இறங்கி வந்து மிச்சம் 600ஐயும் 2.00இல் தட்டிச் செல்கிறது. தரகரின் குறைந்தபட்சக் கட்டணம் ஒரு ஆர்டருக்கு 10 வெள்ளி என்றால், ஒரு வாங்கல், இரண்டு விற்பனை, மொத்தம் 30 வெள்ளி. கையில் மிஞ்சுவது பூஜ்யம். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையான எஸ்ஜிஎக்ஸின் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் கைக்காசுதான் போகும். கணிப்பு தவறி 1.90இல் வெளியேறினாலோ 900 பங்குக்கும் அடி: கட்டணத்தோடு 110 வெள்ளி.

தவறு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதல் டார்கெட் ரொம்பப் பக்கம். அப்புறம், அதைத் தொட்டதுமே ஸ்டாப்பை ஏற்றிய அவசரம். அந்தப் பங்கு தினமும் 6 காசு ஆடுகிறது என்றால், 10 காசு தள்ளி நிற்கும் ஸ்டாப்பை இரண்டு நாள் சாதாரண ஆட்டமே தொட்டுவிடும். நானாக இருந்தால் இரண்டாகத்தான் பிரிப்பேன்: 2.20இல் 300 விற்று, மிச்சம் 600க்கு உச்ச விலையிலிருந்து 14 காசு இடைவெளி. ஸ்டாப் 2.06இல் நிற்கும். அங்கேயே வெளியேறினாலும் 60உம் 36உம் சேர்ந்து 96, கட்டணம் போக 66 வெள்ளி. விலை நேராக அந்த ஸ்டாப்பைத் தாண்டித் திறந்தால் மட்டும் இதைவிடக் குறையும்.

பங்குகள் 100ன் மடங்காக இருக்கட்டும். எஸ்ஜிஎக்ஸில் பெரும்பாலும் ஒரு லாட் 100 பங்கு. 250ஐ மூன்றாக வெட்டினால் உதிரிப் பங்குகளுக்கான தனிச் சந்தையில் ஆள் தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பணத்தைவிடத் தலைவலி அதிகம். 900 பங்குக்குப் போட்ட ஸ்டாப் ஆர்டர், 300 விற்ற பிறகும் 900 என்றே கிடக்கும். அது தட்டினால் இல்லாத 300ஐ விற்றுவிட்டீர்கள். அன்றைக்கே திரும்ப வாங்காவிட்டால் பங்குகளின் மத்திய வைப்பகமான சிடிபி உங்கள் செலவில் சந்தையிலிருந்து வாங்கும், அபராதமும் வரும். சில செயலிகள் இதைத் தடுக்கும், எல்லாம் தடுக்காது. தொடக்கத்திலேயே 300க்கு ஒன்று, 600க்கு ஒன்று எனத் தனித்தனி ஸ்டாப் போடுங்கள். 300 விற்றதும் அதற்கான ஸ்டாப்பை ரத்து செய்துவிடலாம்.

வங்கிப் பங்கு, ரீட் வைத்திருப்பவர்கள் பங்கு ஈவுத்தொகை உரிமை இல்லாமல் கைமாறத் தொடங்கும் எக்ஸ்-டிவிடெண்ட் தேதியையும் பார்க்க வேண்டும். 6 காசு ஈவுத்தொகை என்றால் அன்று காலை விலை ஏறத்தாழ அவ்வளவு இறங்கித்தான் திறக்கும். அந்த ஈவுத்தொகை எப்படியும் உங்களுக்கு வரும். ஆகவே முந்தின நாள் சாயங்காலமே ஸ்டாப்பையும் 6 காசு இறக்கி வையுங்கள்.