சேலைக் கடையின் ஓராண்டுக் கணக்கு: வரிக்கு எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக்கூடாது?

சிங்கப்பூரில் தனியுரிமையாளராகச் சிறு கடை நடத்துபவர் தம் வியாபார லாபத்தை படிவம் பி-யில் காட்ட வேண்டும். இணையத்தில் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 18. சேலையும் ரவிக்கைத் தையலும் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொண்டு 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காகத்தான்.

முதலில் வருமானம். வங்கிக் கணக்கில் வந்ததையெல்லாம் கூட்டினால் தப்பாகிவிடும். கடை முதலாளி தன் கைக்காசிலிருந்து போட்ட 5,000 வெள்ளியும் அதில் கிடக்கிறது. அது கடையில் போட்ட முதலீடு, வருமானம் இல்லை. மறுபக்கம், வங்கியில் வராத பணமும் உண்டு. டிசம்பரில் தைத்துக் கொடுத்த கல்யாண ஆர்டருக்கு 1,100 வெள்ளி ஜனவரியில்தான் கைக்கு வந்தது. வேலை முடிந்து பில் போட்டது டிசம்பர், எனவே அது 2025 வருமானம். இதே காரணத்தால், சென்ற ஆண்டுக் கணக்கில் சேர்த்துவிட்ட பழைய பாக்கி இந்த ஆண்டு வசூலானால் மறுபடி சேர்க்கக்கூடாது.

இந்த ஆண்டு விற்று, இந்த ஆண்டே ரொக்கமாகவும் பேநவ் வழியாகவும் வாங்கியது 94,650. அதனுடன் அந்த 1,100. பிறகு, கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போன சேலைகளின் சந்தை விலை 250. சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்கையும் விற்றதாகவே கணக்கில் எடுக்க வேண்டும். மொத்தம் 96,000.

அடுத்து, விற்ற சரக்கின் அடக்கவிலை. புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. ஆண்டு முழுக்க வாங்கிய சரக்கு 41,000 என்று அப்படியே கழித்துவிடுவார்கள். ஆனால் கழிக்க வேண்டியது விற்றுப்போன சரக்கின் விலை மட்டுமே. ஜனவரி 1 அன்று அலமாரியில் இருந்தது 8,000. வாங்கியது 41,000. டிசம்பர் 31 அன்று எண்ணிப் பார்த்தபோது மீதி 11,000.

```
8,000 + 41,000 − 11,000 = 38,000
96,000 − 38,000 = 58,000
```

அந்த 58,000 மொத்த லாபம். மீதிச் சரக்கை எண்ண மறந்தால் லாபம் 11,000 குறைந்து தெரியும். விற்பனையில் மொத்த லாபத்தின் விகிதம் காரணமில்லாமல் சென்ற ஆண்டைவிடச் சரிந்திருந்தால், முதலில் மீதிச் சரக்கைத்தான் சரிபார்க்க வேண்டும். ஆகவே டிசம்பர் 31 இரவே எண்ணி, பட்டியலைத் தேதியோடு எழுதி வையுங்கள். பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாத கடையென்றால், சரக்கு வாங்கும்போது கட்டிய அந்த வரியும் அடக்கவிலையிலேயே சேரும்.

இனி செலவுகள். முழுக்க வருமானம் ஈட்டுவதற்காகவே செய்த செலவா என்று ஒவ்வொரு ரசீதையும் பார்த்துக் கேளுங்கள். கடை வாடகை 18,000, பகுதிநேர ஊழியரின் சம்பளமும் அவருக்கு முதலாளி கட்டிய மத்திய சேம நிதியும் சேர்ந்து 9,600, மின்சாரம் 1,400, பார்சல் 1,040, வாடிக்கையாளரைப் பார்க்கப் போன டாக்சி 600. கைப்பேசிக் கட்டணம் 600. கடைக்குப் பயன்படுவது 60 விழுக்காடு என்று பில்களை வைத்துக் காட்ட முடிவதால் 360 மட்டும். மொத்தம் 31,000.

சேராதவற்றில் பெரியது, முதலாளி மாதம் 1,500 வெள்ளி எடுத்துக்கொண்டது. அதைச் “சம்பளம்” என்று எழுதினாலும் அது லாபத்திலிருந்து எடுத்ததே. முதலாளியின் சொந்த மெடிசேவ் தொகையும் செலவாகாது. அதற்கு வரிக்கழிவு தனி. எஸ் எண் தகடுள்ள சொந்தக் காரில் துணி மூட்டை ஏற்றினாலும் அதன் பெட்ரோல், பார்க்கிங், பழுதுபார்ப்பு எதையும் கழிக்க முடியாது. பலருக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் காரின் வகையை வைத்தே இந்தத் தடை, உபயோகத்தை வைத்து அல்ல. பார்க்கிங் அபராதமும் கூடாது.

58,000-இலிருந்து 31,000 போக மீதி 27,000. படிவத்தில் இது `Adjusted Profit/Loss`. விற்பனை 200,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்கள் `Revenue`, `Adjusted Profit/Loss` என்ற இரண்டு கட்டங்களை நிரப்பினால் போதும். மற்ற கணக்கு உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

1,800 வெள்ளிக்கு வாங்கிய புதுத் தையல் மெஷின் எங்கே என்று கேட்கலாம். பல ஆண்டு உழைக்கும் பொருள் என்பதால் அது மூலதனம், மேலே சொன்ன 31,000-இல் சேராது. அதற்கு மூலதனக் கழிவு தனியே கோர வேண்டும். விலை 5,000 வெள்ளிக்கு மேற்படாத பொருளை ஒரே ஆண்டில் முழுதாகக் கழிக்கலாம், இப்படிப்பட்ட பொருள்களுக்கு ஆண்டுக்கு மொத்தம் 30,000 வரை. கழித்தபின் வியாபார லாபம் 25,200. இரண்டு இடத்திலும் மெஷினைப் போட்டுவிட்டால் ஒரே செலவை இருமுறை கழித்ததாகிவிடும்.

படிவத்துடன் ரசீதுகளை அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் பத்திரமாக இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீதில் எழுத்து அதற்குள் மறைந்துவிடும், வாங்கிய அன்றே படமெடுத்து மாதவாரியாக அடுக்கிவிடுங்கள்.