எந்த முதலாம் சுந்தர பாண்டியன்?

பாண்டிய மன்னர்களின் வரிசை எண்ணில் நூல்கள் முரண்பட்டால் எண்ணை விட்டுவிட்டுப் பட்டத்தையும் முடிசூடிய ஆண்டையும் பாருங்கள். 'முதலாம்', 'இரண்டாம்' என்பவை பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் இட்டவை, கல்வெட்டில் கிடையாது. கல்வெட்டு தருவது மாறவர்மன் அல்லது சடையவர்மன் என்ற பட்டமும் ஆட்சியாண்டும்தான். ஒருவர் ஒவ்வொரு பட்டத்துக்கும் தனியாக எண்ணுவார், இன்னொருவர் பெயரை மட்டும் வைத்து எண்ணுவார். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

'முதலாம் சுந்தர பாண்டியன்' என்று மட்டும் எழுதியிருந்தால் இருவர் வந்து நிற்பார்கள். 1216இல் முடிசூடியவன் மாறவர்மன்; தஞ்சையையும் உறந்தை எனப்பட்ட உறையூரையும் எரித்து, 'சோணாடு கொண்டருளிய' என்று சொல்லப்படுபவன். 1251இல் வந்தவன் சடையவர்மன். 'எம்மண்டலமும் கொண்டருளிய' என்று புகழப்பட்டு, தில்லையிலும் திருவரங்கத்திலும் பொன் வேய்ந்தவன். கல்லில் 'கோமாறபன்மரான' என்று தொடங்கினால் முன்னவன் பக்கம், 'கோச்சடைபன்மரான' என்றால் பின்னவன் பக்கம் தேடுங்கள். நூல் சொல்லும் செயலையும் இந்த அடைமொழிகளோடு ஒப்பிட்டுவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். குறிப்பெடுக்கும்போது நான் எப்போதும் 'சடையவர்மன் சுந்தரன், 1251' என்றே எழுதுகிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு இது போதாது. பாண்டியர் பலர் ஒரே காலத்தில் ஆண்டார்கள். ஒரே பெயரும் பட்டமும் கொண்டவர்களும் உண்டு, முடிசூடிய ஆண்டிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. அங்கே மன்னனின் புகழைச் சொல்லும் தொடக்கப் பகுதியான மெய்க்கீர்த்தியோ, திதி, நட்சத்திரம், கிழமைக் குறிப்போ இல்லாத கல்வெட்டை எந்த மன்னனுக்கும் உறுதியாகச் சேர்க்காதீர்கள்.